வாய்ஸ் நோட்ல நம்ம குரல் மட்டும் ஏன் இப்படி கேக்குது, அதை எப்படி பழகிக்கிறது

ஏதாவது ஃபேமிலி வீடியோவை நாலு பேர் சேர்ந்து உக்காந்து பாத்தா ஒரு விஷயம் கவனிக்கலாம். சித்தப்பா குரல் அச்சு அசல் சித்தப்பா மாதிரியே இருக்கும், அக்கா குரல் அக்கா மாதிரியே இருக்கும், நம்ம வாயைத் தொறந்த இடம் வந்தா மட்டும் "ஐயோ நான் இப்படியா பேசுறேன்"னு ஆயிடும். ஆனா அதே நேரத்துல சித்தப்பாகிட்ட கேட்டுப் பாருங்க, உங்க குரல்லாம் கரெக்டாத்தான்டா இருக்கு, என்னோடதுதான் ஏதோ மூக்கடைச்ச மாதிரி இருக்குன்னு அவர் சொல்லுவார். அப்போ மைக் கெட்டுப் போகல. ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க குரல் மட்டும்தான் தப்பா கேக்குது. இந்த ஒரு கவனிப்புலயே பாதி பதில் இருக்கு.

இதுக்கு எல்லாரும் சொல்ற ரெடிமேட் பதில் ஒண்ணு உண்டு, "எலும்பு வழியா கேக்குறதால நமக்கு பேஸ் அதிகமா கேக்கும், ரெக்கார்டிங்ல அது இருக்காது". தப்பில்ல, ஆனா முழுசும் இல்ல. அதை மட்டும் நம்பிட்டா என் மண்டையோட்டை நான் என்ன பண்ண முடியும்னு விட்டுடுவோம், அதான் பிரச்சனை. எனக்குத் தெரிஞ்சு அந்த சங்கடத்துல ஒரு பங்கு எலும்பு, ஒரு பங்கு ஃபோன் ஸ்பீக்கரும் மைக் வச்ச இடமும், மிச்சம் நாம பேசுற விதம். முதலாவதை மாத்தவே முடியாது, ரெண்டாவதை பத்து நிமிஷத்துல மாத்திடலாம், மூணாவதுதான் உண்மையிலயே பழக வேண்டியது. மூணும் ஒண்ணா கலந்து வர்றதாலதான் மொத்தமா "என் குரல் கேவலமா இருக்கு"ன்னு தோணுது.

முதல்ல எலும்பு. நாம பேசும்போது சத்தம் காதுக்கு ரெண்டு வழியில வருது. வாயில இருந்து வெளிய போன சத்தம் கன்னத்தைச் சுத்தி, சுவத்துல பட்டு, காத்து வழியா காதுக்குள்ள வர்றது ஒண்ணு. தொண்டையில இருக்கிற குரல் நாண் அதிர்ற அதிர்வு தாடை, மண்டை எலும்பு, சதை வழியா நேரா உள்காதுக்குப் போறது இன்னொண்ணு. மத்தவங்களுக்கு முதல் வழி மட்டும்தான். மைக்குக்கும் அதே. ரெண்டும் சேர்ந்து கேக்குற ஒரே ஆள் நீங்கதான், அந்த வெர்ஷனை உங்களைப் பெத்த அம்மாகூட ஒரு நாளும் கேட்டதில்ல.

இதை அளந்து எழுதினவர் ஜியார்ஜ் வான் பெக்கேஷி. புடாபெஸ்ட்ல பொறந்தவர், ஹங்கேரி தபால் தந்தி துறையோட ஆராய்ச்சிக் கூடத்துல டெலிஃபோன் சம்பந்தமா வேலை பாத்துட்டு இருக்கும்போதே காது எப்படி வேலை செய்யுதுன்னு நோண்ட ஆரம்பிச்சவர், அப்புறம் அமெரிக்கா போய் ஹார்வர்டுல சேர்ந்தார், உள்காது ஆராய்ச்சிக்காக 1961-ல நோபல் வாங்கினார். 1949-ல அவர் எழுதின ஒரு பேப்பர்ல நம்ம குரல் நமக்கு எலும்பு வழியா எவ்வளவு கேக்குது, காத்து வழியா எவ்வளவு கேக்குதுன்னு பாத்துட்டு, ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான்னு சொன்னார். யோசிச்சுப் பாருங்க, ரெக்கார்டிங்ல காணாம போறது ஏதோ ஓரத்துல இருக்கிற சின்ன சமாச்சாரம் இல்ல, கிட்டத்தட்ட பாதி.

சரி, அந்த பாதி எது? இங்கதான் "எலும்புன்னா பேஸ்"ங்கிற கதை கொஞ்சம் தடுமாறுது. 2000-ல கிறிஸ்டோஃப் பெர்ஷ்மன்னு ஒரு ஜெர்மன் ஆராய்ச்சியாளர் அளந்தப்போ, சுமார் 700-ல இருந்து 1200 ஹெர்ட்ஸ் வரைக்கும், அதாவது நொடிக்கு அத்தனை தடவை அதிர்ற சத்தத்துல, எலும்பு வழிக்கு கை ஓங்கியிருந்தது, அதுக்கு மேலயும் கீழயும் காத்து வழிதான் பெருசு. அப்புறம் வந்த அளவுகள்ல இந்த எல்லை கொஞ்சம் மேல தள்ளியும் வந்திருக்கு, எந்த எழுத்தைச் சொல்றோம்ங்கிறதைப் பொறுத்தும் மாறுது. ஆக எலும்பு தர்றது அடித்தொண்டை பேஸ் மட்டும் இல்ல, நடுவுல இருக்கிற ஒரு கனம்.

அப்புறம் ஏன் ரெக்கார்டிங் மெல்லிசா, கீச்சுனு கேக்குது? ஏன்னா மேல இருக்கிற கூர்மையான சத்தம் எல்லாம் நம்ம காதுக்கே ஒழுங்கா வர்றதில்ல. ஸ, ஷ, ச மாதிரி எழுத்துல வர்ற அந்த உரசுற சத்தம் வாயில இருந்து நேரா முன்னாடி போகும், காது இருக்கிறதோ வாய்க்குப் பின்னாடி. எலும்பும் அந்த உயர்ந்த சத்தத்தை அவ்வளவா கடத்தாது. ரெண்டு வழியிலயும் குறைவாத்தான் வருது. எதிர்ல இருக்கிற ஆளுக்கும் மைக்குக்கும் அது முழுசா போகுது. அதனால ரெக்கார்டிங்ல நடுவுல இருந்த கனம் குறையுது, மேல நாம கேட்டே பழகாத கூர்மை கூடுது, ரெண்டும் ஒரே பக்கம் சாயறதால குரலே மாறின மாதிரி இருக்கு.

இதை வீட்லயே செஞ்சு பாக்கலாம், காசு செலவில்ல. ரெண்டு காதையும் விரலால நல்லா அடைச்சுட்டு "ஆ"ன்னு இழுங்க, அப்புறம் அதே சத்தத்துல "ஈ"ன்னு இழுங்க. "ஈ" சொல்லும்போது மண்டைக்குள்ள கும்முனு அடைக்கும், "ஆ"வுக்கு அவ்வளவு இருக்காது. வாய் அகலமா தொறந்திருந்தா சத்தம் வெளிய ஓடிடுது, "ஈ"யிலயும் "ஊ"விலயும் வழி குறுகி உள்ளயே அழுத்தம் ஏறுறதால எலும்புக்கும் சதைக்கும் அதிகமா போகுது. வாயை மூடி "ம்ம்ம்"னு முனகிப் பாருங்க, இன்னும் தெளிவா தெரியும். காதுக்குள்ள அடைக்கிற இயர்ஃபோனைப் போட்டுட்டு பேசும்போது நம்ம குரல் பானைக்குள்ள பேசுற மாதிரி இருக்கிறதும் இதேதான், புதுசா காது மெஷின் போட்ட பெரியவங்க "என் சத்தமே எனக்கு முழங்குது"ன்னு அதைக் கழட்டி டப்பால வச்சுடறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இதுக்கு எதிர் சோதனையும் இருக்கு. ரெண்டு தடிமனான ஃபைலையோ வார இதழையோ எடுத்து காதுக்கு முன்னாடி, கன்னத்தை ஒட்டி, காதுக்கும் வாய்க்கும் நடுவுல சுவர் மாதிரி நிக்கிற மாதிரி புடிச்சுட்டு ஒரு அறையில பேசுங்க. வாயில இருந்து கன்னத்தை ஒட்டி நேரா வர்ற சத்தம் தடுக்கப்பட்டு, சுவத்துல பட்டுத் திரும்புறது கொஞ்சம் தூக்கலா கேக்கும். எலும்பு வழி அப்படியேதான் இருக்கும், அதனால இது துல்லியம் இல்ல, சுமார்தான். ஆனா ஃபைலை எடுத்து எடுத்து வச்சுப் பேசினா ரெக்கார்டிங்ல வர்ற அந்த "வேற ஆள்" லேசா எட்டிப் பாக்குறது தெரியும்.

நிறைய பேர் "என் குரல் ரெக்கார்டிங்ல ஹை பிட்ச்சா இருக்கு"ன்னு சொல்லுவாங்க. பிட்ச் மாறவே மாறாது. சந்தேகம் இருந்தா ஃபோன்ல சுருதி ஆப் ஒண்ணு போட்டு அதோட சேர்ந்து "ஸா" புடிச்சு ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க, பாடும்போது சுருதி சேர்ந்திருந்தா ரெக்கார்டிங்லயும் சேர்ந்தேதான் இருக்கும். குரல் நாண் ஒரு நொடிக்கு எத்தனை தடவை அதிருதோ (பேச்சுல ஆம்பளைங்களுக்கு சுமாரா 100-ல இருந்து 130, பொம்பளைங்களுக்கு 200 பக்கம்) அது எலும்பு வழியா வந்தாலும் காத்து வழியா வந்தாலும் அதேதான். மாறுறது குரலோட நிறம், அதோட கனம். கனம் போனதும் மூளை அதை "கீச்சுக் குரல்"னு படிச்சுக்குது.

இப்போ ஃபோனுக்கு வருவோம், எலும்பு பேர்ல விழுற பழியில நிறைய இதுக்குச் சேர வேண்டியது. ஃபோன் ஸ்பீக்கர் விரல் நகம் அளவு. அதால கீழ் சத்தத்தை தள்ளவே முடியாது, சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழ ஏறக்குறைய ஒண்ணும் வராது. மேல சொன்ன 100, 130, 200 எல்லாம் அந்தக் குழியிலதான் இருக்கு. அதாவது உங்க குரலோட அடித்தளமே ஸ்பீக்கர்ல வெளிய வர்றதில்ல, மேல இருக்கிற சத்தங்களை வச்சு மூளைதான் அதை ஊகிச்சு நிரப்பிக்குது. மத்தவங்க குரலுக்கும் இதே கதிதான், ஆனா சித்தப்பா குரல் ஃபோன்ல எப்படி இருக்கும்னு நமக்கு வருஷக்கணக்கா பழக்கம். அதனால மூளை அதை சரி பண்ணிக்குது. நம்ம குரலுக்கு அந்தப் பழக்கம் இல்ல.

மைக் பக்கமும் ஒரு விஷயம். எஃப்எம்ல பேசுறவங்க குரல் நெஞ்சுக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கே, அதுல பயிற்சி ஒரு பங்குன்னா மைக் ஒரு பங்கு. ஒரு பக்கமா மட்டும் சத்தம் புடிக்கிற மைக்குக்குப் பக்கத்துல வாயை வச்சுப் பேசினா பேஸ் தானா ஏறும், அந்த மைக்கோட அமைப்பே அப்படி. ஃபோன் மைக் பெரும்பாலும் நாலாபக்கமும் ஒரே மாதிரி புடிக்கிற வகை, அதுல எவ்வளவு பக்கத்துல போனாலும் அந்த முழக்கம் வராது, மூச்சு அடிச்சு "பஃப் பஃப்"னு வேணா வரும். ஸ்டுடியோ குரலையும் நம்ம வாய்ஸ் நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வருத்தப்படறது நியாயமே இல்ல. ப்ளூடூத் இயர்ஃபோன் மைக்ல ரெக்கார்ட் பண்றவங்களுக்கு இன்னும் கொடுமை. மைக் ஆன் ஆன உடனே நிறைய செட்ல சத்தத்தோட தரம் பழைய ஃபோன் கால் அளவுக்கு இறங்கிடும், டெலிஃபோன்னா சுமார் 300-ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான், அதுக்கு கீழயும் மேலயும் வெட்டிடுவாங்க. அதைக் கேட்டு "என் குரல் இதுதான்"னு முடிவு பண்ணாதீங்க.

மூணாவது பங்குதான் எனக்கு ரொம்ப சுவாரசியமானது. பேசிட்டு இருக்கும்போது நாம நம்ம குரலை ஒரு ரசிகன் மாதிரி கேக்குறதில்ல. வாயசைக்க உத்தரவு போடும்போதே மூளை, "இப்போ இந்தச் சத்தம் வரப்போகுது"ன்னு காது சம்பந்தப்பட்ட பகுதிக்கும் சொல்லி வச்சுடுது, எதிர்பாத்த சத்தமே வந்தா அந்தப் பகுதி பெருசா அலட்டிக்கிறதில்ல. மூளையோட காந்தப் புலத்தை அளந்து பாத்த சோதனைகள்ல, ஒருத்தர் பேசும்போது கேட்ட குரலுக்கு வர்ற எதிர்வினை, அதையே அப்புறம் ப்ளே பண்ணிக் கேக்கும்போது வர்றதைவிட குறைவா இருந்துச்சு. பேசும்போது நம்ம கவனம் என்ன சொல்ல வந்தோம்ங்கிறதுல இருக்கு. ப்ளே பண்ணும்போதுதான் எப்படிச் சொன்னோம்னு முழுசா காதுல விழுது.

அதுல என்ன விழுதுன்னு 1966-ல பிலிப் ஹோல்ஸ்மன், கிளைட் ரௌஸின்னு அமெரிக்காவுல ரெண்டு உளவியல்காரங்க பாத்தாங்க. "குரலை நேருக்கு நேர் சந்திக்கிறது"ங்கிற அர்த்தத்துல இதுக்கு ஒரு பேரே வச்சாங்க. அவங்க சொன்னது, ஆளுங்க திடுக்கிடறது குரலோட நிறம் மாறினதுக்கு மட்டும் இல்ல, தன்னோட குரல்ல தான் காட்டணும்னு நினைக்காத விஷயமெல்லாம் தெரியறதுக்கும்தான். பதட்டம், தயக்கம், கெஞ்சுற தொனி, எரிச்சல். அடுத்த வருஷமே அவங்க இன்னொண்ணு பண்ணாங்க. ஸ்பானிஷ் தாய்மொழியா உள்ளவங்க, கொஞ்சம் வளர்ந்த பிறகு இங்கிலீஷ் கத்துக்கிட்டவங்க, இவங்களை ரெண்டு மொழியிலயும் தன் குரலைக் கேக்க வச்சா, தாய்மொழியில கேக்கும்போதுதான் அதிகமா கலங்கினாங்க. வெறும் எலும்புதான் காரணம்னா ரெண்டு மொழிக்கும் ஒரே மாதிரி இருந்திருக்கணும்ல? ஆஃபீஸ் மீட்டிங் ரெக்கார்டிங்ல தன் இங்கிலீஷ் குரலை சும்மா கேட்டுட்டுப் போறவங்க, அம்மாகிட்ட தமிழ்ல பேசின வாய்ஸ் நோட்டைக் கேட்டா கூசிப் போறதை நானே பாத்திருக்கேன். சரியா இதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒத்துப் போகுது.

இன்னொரு ஆராய்ச்சி, இது கொஞ்சம் ஆறுதல். 2013-ல சூசன் ஹியூஸ், மரிஸ்ஸா ஹாரிசன்னு ரெண்டு பேர், நிறைய குரல் ரெக்கார்டிங்கைப் போட்டு எது எவ்வளவு நல்லாயிருக்குன்னு மார்க் போடச் சொன்னாங்க. அதுக்குள்ள மார்க் போடற ஆளோட சொந்தக் குரலையும் சொல்லாம கலந்து வச்சுட்டாங்க. மத்தவங்க அந்தக் குரலுக்குப் போட்ட மார்க்கைவிட, சொந்தக்காரர் தன்னோடதுக்கு அதிகமாப் போட்டார், பல பேருக்கு அது தன் குரல்னே தெரியல. அதாவது "இது நான்"னு தெரியாதவரைக்கும் குரல்ல ஒரு குறையும் இல்ல!

சரி, இதை எப்படி பழகுறது. எங்க அத்தை பொண்ணு கதையை வச்சே சொல்றேன், அவ எட்டாவது ஒன்பதாவது பசங்களுக்கு ட்யூஷன் எடுக்கிறா, லீவு போட்ட பசங்களுக்காக பாடத்தை வாய்ஸா ரெக்கார்ட் பண்ணி அனுப்பலாம்னு ஆரம்பிச்சு முதல் ஆடியோவோடயே நிறுத்திட்டா. "மச்சான், நான் மூக்கால பேசுறேன், அதுவும் ஆறாவது படிக்கிற புள்ள மாதிரி"ன்னா. ஆடியோவைக் கேட்டா எனக்கு அவ குரல் அவ குரலாத்தான் இருந்துச்சு, ஆனா கொஞ்சம் பொள்ளலா, பாத்ரூம்ல பேசுற மாதிரி இருந்துச்சு.

முதல்ல செஞ்சது, அதே ஃபோன்ல அதே இடத்துல உக்காந்து நான் ரெண்டு நிமிஷம் பேசினேன். என் குரலைக் கேட்டு அவ "உங்களது அப்படியேதான் இருக்கு, ஆனா ரூம் எதிரொலிக்குது"ன்னா. இந்த சோதனையை யாரும் விட்டுடாதீங்க, உங்களுக்கு நல்லாப் பழக்கமான ஒருத்தரை அதே ஃபோன்ல பேச வைங்க. அவங்க குரல்ல உங்களுக்கு எது வித்தியாசமா கேக்குதோ அது கருவியோட, ரூமோட குறை. அவங்க குரல் அச்சு அசலா இருந்து உங்களது மட்டும் அந்நியமா இருந்தா அது உங்க காதுப் பழக்கம். இதைவிட சுலபமா ரெண்டையும் பிரிக்க வழி எனக்குத் தெரியாது.

அப்புறம் ரூம். அவ ஹால்ல டைனிங் டேபிள் மேல ஃபோனைப் படுக்கப் போட்டுட்டுப் பேசியிருக்கா. கீழ டைல்ஸ், சுத்தி வெறும் சுவர், மேல ஃபேன். வாயில இருந்து மைக்குக்கு நேரா போற சத்தமும், டேபிள்ல பட்டு எகிறி ஒரு இம்மி தாமதமா போற சத்தமும் ஒண்ணோட ஒண்ணு மோதி, சில அதிர்வெண் கூடி சிலது அடிபட்டுப் போயிடும், அந்தப் பொள்ளல் சத்தத்துல ஒரு பங்கு அங்க இருந்துதான் வருது. பெட்ரூமுக்கு மாத்தினோம், அங்க மெத்தை, கொடியில துணி, திரைச்சீலை எல்லாம் இருக்கிறதால எதிரொலி செத்துப் போச்சு. ஃபோனை புஸ்தகத்து மேல நிமிர்த்தி சாய்ச்சு வச்சு, அடியில மடிச்ச துண்டு. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம், ஆனா நேரெதிர்ல இல்லாம கொஞ்சம் பக்கவாட்டுல, அப்போதான் "ப", "ஃப" சொல்லும்போது காத்து மைக்ல அடிக்காது, ஸ-வோட சீறலும் கொஞ்சம் மட்டுப்படும். ஃபேனை நிறுத்தியாச்சு. வேர்த்துது, வேற வழியில்ல.

கேக்குறதுக்கு ஃபோன் ஸ்பீக்கர் கூடாது, காதை மூடற மாதிரி வயர் ஹெட்ஃபோன். வால்யூமும் ஒருத்தர் எதிர்ல உக்காந்து பேசுற அளவுதான் வைக்கணும், சின்னச் சத்தத்துல கேட்டா பேஸ் இன்னும் குறைஞ்ச மாதிரி தோணும், ரொம்ப ஏத்தினா எச்சில் முழுங்குறது, மூச்சு இழுக்குறது எல்லாம் பூதாகாரமா கேக்கும். இவ்வளவு பண்ணிட்டு அவ கேட்டப்போ "மூக்கால பேசுறது போயிடுச்சு, ஆனா இன்னும் நான் இல்ல"ன்னா.

அந்த "இன்னும் நான் இல்ல"தான் எலும்பு பங்கு. அதுக்கு ஒரு சின்ன பாலம் போட்டோம். கம்ப்யூட்டர்ல ஆடாசிட்டின்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, அதுல கீழ் சத்தம், நடு சத்தம், மேல் சத்தத்தை தனித்தனியா ஒரு கோட்டை வளைச்சு ஏத்தி இறக்குற ஈக்வலைசரைத் தொறந்து 3000 ஹெர்ட்ஸுக்கு மேல ஒரு 6 டெசிபல் குறைச்சு, 1000 பக்கம் ஒரு 3 டெசிபல் ஏத்தினோம். "ஆங், இது நான்!"னு சிரிச்சுட்டா. இந்த நம்பரை வேதவாக்கா எடுத்துக்காதீங்க, ஒவ்வொரு மண்டைக்கும் ஒவ்வொரு மாதிரி வரும், உங்களுக்கு எது உங்க குரல் மாதிரி கேக்குதோ அதுவரைக்கும் தள்ளிப் பாருங்க. அப்புறம் அதை கொஞ்சம் கொஞ்சமா, சில நாள் இடைவெளியில, பழைய நேர்கோட்டுக்குக் கொண்டு வந்து கேளுங்க. அவளுக்கு இதுல கிடைச்ச லாபம் என்னன்னா, ரெண்டும் ஒரே ரெக்கார்டிங், நடுவுல இருக்கிறது வெறும் ஒரு வளைஞ்ச கோடுதான்னு கண்ணால பாத்துட்டா. பசங்களுக்கு அனுப்புறது மட்டும் நேர்கோட்டு வெர்ஷன்தான், ஏன்னா அவங்க கிளாஸ்ல கேக்குற டீச்சர் குரல் அதுதான்.

இதுக்கு மேல மிச்சம் இருந்தது பேச்சுப் பழக்கம், இதுக்குத்தான் நாள் புடிச்சுது. சும்மா திரும்பத் திரும்ப போட்டுக் கேட்டா பழகிடும்னு சில பேர் சொல்லுவாங்க, முகத்தைச் சுளிச்சுட்டே கேட்டா சுளிக்கிறதுதான் பழகுது. கையில ஒரு வேலையோட கேக்கணும். நான் அவளைப் பண்ணச் சொன்னது, ஒரு பாடத்தைக் கேட்டு வார்த்தைக்கு வார்த்தை நோட்டுல எழுதுறது. "இப்போ பாத்தீங்கன்னா", "ஓகேவா", "என்ன"ன்னு எல்லாத்தையும் விடாம. ரெண்டு பக்கம் எழுதினதுலயே அவளுக்கு வெளிச்சமாயிடுச்சு, ஒவ்வொரு வாக்கியத்தோட கடைசி ரெண்டு எழுத்தையும் முழுங்குறா, "ஒளிச்சேர்க்கை நடக்கும்போது ஆக்சிஜன் வெளியேறுது"ங்கிறதுல அந்த "றுது" காத்தாப் போயிடுது, எழுதறதுக்காக மூணு தடவை ரீவைண்ட் பண்ண வேண்டியிருந்துச்சு. குரல் சின்னப் புள்ள மாதிரி இருக்குன்னு அவ முதல்ல சொன்னதுக்குக்கூட பாதி காரணம் வேகமாப் பேசி, வாக்கியத்தோட முடிவுல மூச்சு தீர்ந்து தேயறதுதான். அது குரலே இல்ல, மூச்சு எடுக்கிற இடம். வாக்கியத்துக்கு நடுவுல ஒரு இடத்துல நிறுத்தி மூச்சு எடுத்ததும் அடுத்த ரெக்கார்டிங்ல அது சரியாச்சு.

எழுதறதுல இன்னொரு வசதி, காது குரலை விட்டுட்டு வார்த்தையைப் புடிக்கப் போயிடும். ஆடியோ எடிட் பண்றவங்க தன் குரலை அலட்டிக்காம கேக்குறதும் இப்படித்தான், அவங்களுக்கு அது வெட்ட வேண்டிய துண்டு. அதே மாதிரி ரெக்கார்ட் பண்ணின உடனே கேக்காதீங்க. பேசின சூடு ஆறாம கேட்டா உள்ள கேட்ட குரல் ஞாபகத்துல பச்சையா இருக்கும், ஒப்பிடாம இருக்க முடியாது. மறுநாள் கேட்டா கொஞ்சம் வேற ஆள் பேசினதைக் கேக்குற மாதிரி இருக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். ஃபோனைப் பாத்து படிக்காதீங்க, படிக்கிற குரல் யாருக்குமே சொந்தக் குரல் மாதிரி இருக்காது, எதிர்ல ஒருத்தரை உக்கார வச்சு அவங்களுக்குச் சொல்ற மாதிரி பேசுங்க. அத்தை பொண்ணு தன் தம்பியைப் புடிச்சு உக்கார வச்சா, அவன் தூங்கிட்டான், ஆனா பேச்சு நல்லா வந்துச்சு.

ஒண்ணு மட்டும் எதிர்பாக்காதீங்க. ரெக்கார்டிங் குரல் பழகினாலும் பேசும்போது உள்ள கேக்குற குரல் மாறப்போறதில்ல, அது எலும்பு இருக்கிறவரைக்கும் இருக்கும். ரெண்டு குரலையும் தெரிஞ்சு வச்சுக்கிறதுதான் நடக்குது. ஸ்டுடியோல பாடறவங்க பல பேர் ஹெட்ஃபோன்ல ஒரு பக்கத்தை காதை விட்டு நகர்த்தி வச்சுட்டுப் பாடறதைப் பாத்திருப்பீங்க. ரெண்டு காதையும் மூடினா எலும்பு சத்தம் அடைச்சுக்கிட்டு சுருதி புடிக்கிறது சிரமமாகும், ஒரு காதைத் தொறந்து விட்டா தன் குரல் ரூம்ல எப்படிப் போகுதுன்னு கேட்டுக்கலாம். வருஷக்கணக்கா மைக் முன்னாடி நிக்கிறவங்களே அப்படிப் பண்றாங்க.

இது எதுலயும் சேராத ரெண்டு விஷயம் இருக்கு, அதுக்குப் பழக்கம் மருந்தில்ல. மத்தவங்களும் "என்ன குரல் இப்படி கம்மிப் போச்சு"ன்னு கேட்டு, சளி எல்லாம் போன பிறகும் மூணு நாலு வாரமா கரகரப்பு இருந்தா இஎன்டி டாக்டர்கிட்ட போய் குரல் நாணைப் பாக்கச் சொல்லணும், புகை பிடிக்கிறவங்க அவ்வளவு நாள்கூட காத்திருக்க வேண்டாம். இன்னொண்ணு, ரெக்கார்டிங் இல்லாம சும்மா பேசும்போதே ஒரு காதுல தன் குரலோ மூச்சு சத்தமோ புதுசா முழங்க ஆரம்பிச்சா, அது காதையும் தொண்டையையும் இணைக்கிற குழாய் மூடாம தொறந்தே இருக்கிறதாலயோ, உள்காதுல ஒரு அரைவட்டக் குழாய்க்கு மேல இருக்கிற எலும்பு தேஞ்சு ஓட்டை விழுந்ததாலயோ இருக்கலாம். ரெண்டாவது பிரச்சனை உள்ளவங்க சிலருக்கு தன் கண்ணு உருள்ற சத்தம்கூட கேக்குமாம். அதையும் இஎன்டி டாக்டர்கிட்டதான் காட்டணும்.